ராகு காலத்துக்கும் உச்ச நேரத்துக்கும் நடுவில்

எங்கள் அரிசி மில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருக்கிறது. கல்வராயன் மலைக்குப் போய்வருகிற பஸ்ஸெல்லாம் வாசலில் நின்று மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். மாமனார் கட்டிய மில். அவர் போன பிறகு பாதி என் கணவருக்கு, பாதி அவருடைய அக்காவுக்கு என்று எழுதியாயிற்று. அந்த அக்கா, அதாவது என் நாத்தனார், உளுந்தூர்பேட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பிறகு கணவர் வெளியே போன நேரத்தில் மட்டும் மேசையில் உட்கார்ந்தேன். பிறகு நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் வெளியே போக ஆரம்பித்தார். இப்போது அந்த மேசை என்னுடையது. என் கணவர் நல்ல மனிதர், யார் கேட்டாலும் கூலியில் குறைப்பார், யார் அழுதாலும் கடன் சொல்ல விடுவார். நல்ல மனிதர்கள் மில் நடத்தினால் மில் நல்லவர்களோடு சேர்ந்து போய்விடும் என்பது என் அனுபவம். வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மில்லில் கேட்காமல் ஒரு மூட்டை நகராது. அதனால் அந்த மேசையை விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மில் போனால் மேசை போகும், மேசை போனால் நான் மறுபடியும் தூக்குவாளிதான்.

போகிற நிலைமை வந்தது. கரண்டு பில்லால் வந்தது.

ஒரு மாதம் பில்லைப் பார்த்துவிட்டு கணவர் தண்ணீர் கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கட்டணம் உயர்ந்ததோடு, 'உச்ச நேரம்' என்று புதிதாக ஒரு வரி வந்திருந்தது. எங்களுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மீட்டரை மாற்றியிருந்தார்கள். புது மீட்டர் அழகாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அல்லது என் கணவரிடம் சொல்லி, அவர் சரிங்க என்று தலையாட்டியிருப்பார்.

நாத்தனாரின் மகனுக்கு அந்தப் பில்லின் படம் போனில் போனது. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் என் கணவர் பொய் சொல்லத் தெரியாமல் திண்டாடுவார். அந்தப் பிள்ளைக்கு நிலம் வாங்கி விற்கிற தொழில். அவன் கண்ணுக்கு எங்கள் மில் ரொம்ப நாளாகக் கல்யாண மண்டபமாகத்தான் தெரிந்தது. களம் முழுக்க கார் நிறுத்தலாமாம், பாய்லர் இருக்கிற இடத்தில் சமையல் கட்டாம். நாத்தனார் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "மூணு மாசம் பாக்கறேன். பில்லு கம்மியாச்சின்னா மில்லு ஓடட்டும். ஆவலைன்னா நான் கையெழுத்துப் போட்டுர்றேன். நஷ்டத்துக்கு யாரும் கோயில் கட்ட மாட்டாங்க."

அவர் பேசி முடித்ததும் நான் பில்லை எடுத்துக்கொண்டு கரண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். கணவரும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் வந்தால் அங்கேயும் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வருவார்.

அங்கிருந்த பொறியாளர் வயதில் சின்னவர், பொறுமைசாலி. நான் கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் நாற்காலியைக் காட்டிவிட்டு, நான் மூச்சு வாங்கிய இடத்தில் நுழைந்து விளக்கினார். எங்களைப் போன்ற தொழில் இணைப்புக்கு, காலை ஆறரை மணியிலிருந்து பத்தரை வரைக்கும், சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரைக்கும் உச்ச நேரம். அந்த நேரத்தில் ஊரே கரண்டை இழுக்கிறது. அதனால் அப்போது ஓடுகிற யூனிட்டுக்கு மட்டும் விலை கூட. மற்ற நேரத்தில் ஓடுகிற யூனிட்டுக்குச் சாதாரண விலை. மீட்டர் இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் அதே நெல்லை, அதே மெஷினில், பத்தரைக்கு மேல் அரைத்தால் பில் குறையுமா என்று கேட்டேன். கூடுதலாகப் போட்டது மட்டும் குறையும் என்றார். நிலைக்கட்டணம் நாம் வாங்கியிருக்கிற மின்பளுவை, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்கிற அனுமதியைப் பொறுத்தது, மில் தூங்கினாலும் அது தூங்காது. யூனிட்டும் தானாகக் குறையாது, நேரம்தான் மாறும். பிறகு ஒரு விரலைத் தூக்கி எச்சரித்தார். நேரம் குறைந்துவிட்டதே என்று எல்லா மோட்டாரையும் ஒன்றாகப் போட்டு வாங்கிய பளுவைத் தாண்டினால், அதையும் அந்த மீட்டர் எழுதி வைக்கும், அதற்குத் தனியாகக் கட்ட வேண்டிவரும். அந்த மீட்டர் என் மாமியாரைப் போல எல்லாவற்றையும் எழுதி வைக்கிறதே என்று நினைத்தேன், பொறியாளரிடம் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக மில்லுக்குப் போய், டிரைவரைக் கூப்பிட்டேன். மில் டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை, மெஷின் ஓட்டுகிறவர். மாமனார் காலத்து ஆள். மெஷினின் சத்தத்தைக் கேட்டு, உமி நீக்குகிற ரப்பர் ரோல் தேய்ந்ததைச் சொல்லிவிடுவார், ஆனால் யார் சொன்னாலும் ஒருமுறையில் கேட்க மாட்டார். நாளையிலிருந்து பத்தரைக்குத்தான் மெஷின், ஆறு மணிக்கு நிறுத்தம் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் களத்தில் காய்கிற நெல்லைப் பார்த்தார்.

முதல் வாரம் பெரிய கூத்து. விடிந்ததும் மூட்டையோடு வந்து, அரைத்துக்கொண்டு, வெயிலுக்கு முன்னால் வீடு போய்ச் சேருகிறவர்கள் எங்கள் ஊர் குடியானவர்கள். அவர்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு மெஷின் ரிப்பேரா என்று கேட்டார்கள். ரிப்பேர் இல்லை, கரண்டு விலை ஜாஸ்தி என்றால், "கரண்டு இருக்குதா இல்லியா" என்று கேட்டார்கள். இருக்கிறது. "அப்பறம் இன்னா?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அவர்களிடம் கேட்கப் பொறுமை இல்லை. என் கணவர் பாவம் பார்த்து எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கரண்டில் மிச்சம் பிடித்தது டீக்கடைக்குப் போகும் போலிருந்தது. டீயை நிறுத்தினேன். மூட்டையைப் போட்டுவிட்டு கடைத்தெரு வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் வந்து அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பத்து நாளில் பழகிவிட்டார்கள். கூடவே, தாங்கள் இல்லாத நேரத்தில் மில்லில் தவிட்டைத் திருடுகிறார்கள் என்று ஒரு புரளியும் கிளம்பி, தானாக அடங்கியது.

முதல் மாதப் பில் வந்தது. குறைந்திருந்தது, ஆனால் நான் நாத்தனாரிடம் பெருமையாகக் காட்டுகிற அளவுக்கு இல்லை. காலை உச்ச நேரக் கட்டத்தில் ஒரு நல்ல எண் உட்கார்ந்திருந்தது. மில் மூடியிருக்கிற நேரத்தில் கரண்டை எவன் இழுக்கிறான்?

மீட்டரில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்த அழுத்த எண்கள் மாறும், எந்தக் கட்டம் எது என்று பொறியாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மில்லுக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். எண் ஏறிக்கொண்டிருந்தது. மெஷின் ஓடவில்லை. டிரைவர் பல்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். பின்கட்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கொடகொடவென்று தண்ணீரை நெல் ஊற வைக்கிற தொட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

"இது இன்னாண்ணே?" என்றேன்.

"இது தண்ணி மோட்டாரும்மா. மில்லு ஓடலியே."

அவர் சொன்னதில் கள்ளம் இல்லை. அவருக்கு மில் என்றால் அரவை மெஷின். தண்ணீர் மோட்டார் என்பது தண்ணீர் மோட்டார். என் கணவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். நானும் மேசையிலிருந்தபடி அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருவரையும் சத்தம் போட்டேன். தண்ணீர் மோட்டாரை ஆறரைக்கு முன்னால் ஓட்டி நிறுத்திவிட ஏற்பாடு செய்தோம். டிரைவர் மில்லிலேயே படுக்கிறவர், விடியலில் எழுந்துவிடுவார், அவருக்கு அதில் சிரமம் இல்லை. பத்தரைக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாமல், ஒன்று வேகம் பிடித்த பிறகு அடுத்தது என்று போடச் சொன்னேன். அது மட்டும் அவருக்கு முன்பே தெரியும். மோட்டார் கிளம்புகிறபோது கரண்டை விழுங்கும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

இனி எல்லாம் சரி என்று நினைத்தபோது ராகு வந்தார்.

எங்கள் மில்லில் ராகு காலத்தில் மெஷின் போடுகிற வழக்கம் இல்லை. ஓடிக்கொண்டிருந்தால் ஓடலாம், புதிதாகப் போடக்கூடாது. மாமனார் வைத்த சட்டம், டிரைவர் காவல். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் காலை ஆறு மணிக்கே மெஷினைப் போட்டுவிட்டதால் ராகு எங்களை ஒன்றும் செய்யவில்லை. இப்போது தொடக்கம் பத்தரை ஆனதும் அவர் வாரம் முழுக்கக் குறுக்கே வந்தார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை, போகட்டும், உச்ச நேரமும் அவரும் ஒன்றாக இறங்கிப் போனார்கள். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, அது சாப்பாட்டு நேரத்தில் கழிந்தது. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று. சாப்பிட மெஷினை நிறுத்தினால் மூன்று மணிவரை போட முடியாது. டிரைவர் என்ன செய்தார் என்றால், நிறுத்தவே இல்லை. நெல் போடாமல் மெஷினை வெறுமனே ஓட விட்டுவிட்டுச் சோறு தின்றார். மெஷின் ஒரு மணி நேரம் காற்றை அரைத்தது. காலியாக ஓடுகிற மோட்டாரும் யூனிட் தின்னும். வியாழக்கிழமை மட்டும் சாப்பாட்டை முன்னால் தள்ளி, ஒன்றரைக்குள் மறுபடி போட்டுவிட வேண்டும் என்று முடிவானது. நல்லவேளை, எமகண்டத்தையும் குளிகையையும் மாமனார் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் மில்லில் உண்டியல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

மிச்சம் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமைதோறும் நாத்தனார் உளுந்தூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவார். சுவிட்சுப் பலகைக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, தன் கையால் மெஷினைப் போடுவார். அப்பா இருந்த நாளிலிருந்து நடக்கிறது. சின்னப் பெண்ணாக இருந்தபோது மாமனார் அவரைத் தூக்கிப் பிடித்துச் சுவிட்சைப் போடச் சொல்வாராம். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. ராகு பத்தரையிலிருந்து பன்னிரண்டு. உச்ச நேரம் பத்தரைக்கு முடிகிறது. அதாவது கரண்டு ஆபீஸ் கதவைத் திறக்கிற நிமிடத்தில் பஞ்சாங்கம் கதவைச் சாத்துகிறது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது போல இருந்தது.

அவர் ஒன்பதரைக்கு மெஷினைப் போடுவார். அவர் கையால் போட்டதை நிறுத்தக்கூடாது என்று டிரைவர் முழு வேகத்தில் ஓட்டுவார். வெள்ளிக்கிழமை அரைத்தால் நல்லது என்று அன்றைக்குக் கூட்டமும் ஜாஸ்தி. வாரத்தில் ஐந்து நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சம் பிடிப்பேன், வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் அத்தனை மெஷினும் உச்ச விலையில் ஓடும். கணக்குப் பார்த்தால் மலை அளவு இல்லை. ஆனால் நாத்தனார் பில்லின் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டு, "இது இன்னும் போவலியே" என்று கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். போகவிடாதவரே அவர்தான்.

இரண்டாவது மாதப் பில்லில் அப்படியே கேட்டார். மகனும் கூட வந்திருந்தான். களத்தை நடந்து அளந்துகொண்டிருந்தான்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை நல்லதுதான், சொன்ன விதம்தான் மோசம். ஞாயிற்றுக்கிழமை லீவை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிடலாம் என்றேன். வெள்ளிக்கிழமை மில் கிடையாது, ராகுவும் கிடையாது, உச்ச நேரமும் கிடையாது. நீங்களும் வெயிலில் பஸ் ஏறி வரவேண்டாம் அண்ணி என்று, அக்கறை போலவும் சேர்த்துக்கொண்டேன்.

நாத்தனாரின் முகம் மாறியது. பிறகு என்னிடம் பேசாமல் தம்பியிடம் பேசினார்.

"இவ என்னை வராதேன்றாளாடா?"

அவ அப்படிச் சொல்லலக்கா, கரண்டுக்காகத்தான் சொல்றா என்று கணவர் இழுத்தார். நாத்தனார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். அடுத்த மாதப் பில்லைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடுகிற வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று மகனிடம் சொன்னார். அவன் முகத்தில் மண்டபத்தின் சீரியல் லைட் எரிந்தது.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, வித்தாலும் நமக்குப் பாதி வருமில்லையா என்று ஆறுதல் சொன்னார். அதைவிட ஓர் அறை கொடுத்திருந்தால் தாங்கியிருப்பேன். பணம் வந்து என்ன செய்வது, அதன் முன்னால் மேசை போட்டு உட்கார முடியுமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் அழுவதை அவர் அதிகம் பார்த்ததில்லை. பயந்துபோய், எழுந்து விசிறியைப் போட்டார்.

வழி சொன்னது யாரும் இல்லை, ஒரு சாமை மூட்டைதான். எங்கள் மில்லின் ஒரு மூலையில், சாமைக்கும் தினைக்கும் உமி நீக்குகிற சின்ன மெஷின் ஒன்று இருக்கிறது. மூன்று குதிரைத்திறன் மோட்டார். மலையிலிருந்து வருகிற பெண்களுக்காக வைத்தது. அவர்கள் காலை பஸ்ஸில் சாமையைக் கொண்டுவந்து, பெரிய மெஷின்களில் நெல் முடிகிறவரை ஒதுங்கி நின்று, கடைசியில் அரைத்துக்கொண்டு மதிய பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பத்தரை மணிச் சட்டம் வந்த பிறகு அவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். ஒருநாள் ஒரு மலைக்காரப் பெண் மேசை முன்னால் வந்து, "எங்களுது சின்ன மிசின்தானம்மா, அதுவும் அவ்ளோ கரண்டு திங்குமா?" என்று கேட்டாள்.

அதிகம் தின்னாது. பெரிய மெஷின் வரிசை தின்பதற்கு முன்னால் அது கொறிப்பது கணக்கிலேயே வராது.

நான் டிரைவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டேன். ராகு காலத்துக்கு முன்னால் எந்த மெஷினைப் போட்டால் மில்லைப் போட்டதாக ஆகும்? அவர் இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பது போல மோவாயைத் தடவினார். நல்ல நேரத்தில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், பிறகு போடுவதெல்லாம் அதோடு சேர்ந்ததுதானே, புதிதாகத் தொடங்குவது ஆகாதே என்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார். கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குத் தாலிதான் கட்ட வேண்டும், சாப்பாடு எப்போது போட்டால் என்ன என்று கடைசியில் அவரே ஒரு தீர்ப்புச் சொன்னார். அவ்வளவு நல்ல தீர்ப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் எதிர்பார்க்க மாட்டேன்.

ஆனால் நாத்தனாரிடம் யார் சொல்வது? கணவர் சொல்வதாகச் சொன்னார். அவர் சொன்னால் போனிலேயே மண்டபத்துக்குச் சம்மதித்துவிடுவார். நானே உளுந்தூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அவர் சமையலறையில் மருமகளுக்கு இடைஞ்சலாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து வா என்று சொன்னார், உட்கார் என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன். வெள்ளிக்கிழமை லீவு இல்லை, நான் சொன்னது தப்பு. நீங்கள் எப்போதும் போல ஒன்பதரைக்கு வர வேண்டும். நீங்கள் உங்கள் கையால் சாமை மெஷினைப் போட வேண்டும், பெரிய மெஷின் பத்தரைக்கு அதன் பின்னால் வரும். மலைப் பெண்கள் அன்றைக்கு முதலில் அரைத்துக்கொண்டு சீக்கிரம் பஸ் பிடித்துப் போவார்கள்.

"சின்ன மிசினையா என்னப் போடச் சொல்ற?" என்றார். மாமனார் முதன்முதலில் அந்த மில்லில் என்ன மெஷின் வைத்திருந்தார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதுவும் ஒரு சின்ன மெஷின்தான், அது எனக்கும் தெரியும். அவர் காப்பி போடப் போனார். காப்பி வந்தபோது நாற்காலியும் வந்தது.

அந்த மாதம் வெள்ளிக்கிழமைகள் எங்கள் மில்லில் திருவிழா மாதிரி ஆகிவிட்டன. மலைப் பெண்கள் நாத்தனாரைச் சுற்றி நிற்பார்கள். அவர் சூடம் காட்டி, சாமை மெஷினைப் போட்டு, முதல் பிடி சாமையைத் தன் கையால் அள்ளிப் பார்ப்பார். உமி சரியாகப் போகவில்லை என்று டிரைவரைத் திட்டுவார். டிரைவருக்கு என்னிடம் வாங்குவது போதாதென்று அதுவும். யார் மகளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றெல்லாம் நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது. மதிய பஸ் போன பிறகும் அவர் கிளம்ப மாட்டார். பெரிய மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் ஒரு மூட்டை மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் மேசையிலிருந்து பார்ப்பேன், வேலையிருக்கிறது என்று திரும்பிக்கொள்வேன்.

மூன்றாவது மாதப் பில் வந்தது. அரைத்த மூட்டைகள் ஏறக்குறைய அதே எண்ணிக்கை, யூனிட்டும் ஏறக்குறைய அதேதான். ஆனால் சாயங்காலக் கட்டம் காலி. காலைக் கட்டத்தில் சாமை தின்ற கொஞ்சமும், ஆபீஸ் விளக்கும் விசிறியும் தின்ற கொஞ்சமும். மொத்தம் உண்மையாகவே இறங்கியிருந்தது. நான் அதை நான்கு முறை பார்த்துவிட்டு மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் மகனோடு வந்தார். அவன் கையில் ஏதோ காகிதம் இருந்தது. பூஜை முடிந்து, சாமை மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, நான் பில்லை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். இது மட்டும் ஏன் குறையவில்லை என்று நிலைக்கட்டணத்தைக் காட்டிக் கேட்டார். அது மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது என்றேன். வேறெதையும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்தியாடா," என்று மகனிடம் சொன்னார். "சாமை மிசினு நம்ம கைக்கு ராசி. லட்சுமி வந்துட்டா."

எனக்கு வாய் துடித்தது. தண்ணீர் மோட்டார், வியாழக்கிழமைச் சாப்பாடு, மீட்டர் பொத்தான், பொறியாளர், நான் பிடித்த சண்டைகள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடலாம் போலிருந்தது. கணவர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியங்களில் அதுவும் ஒன்று.

மகன் விடவில்லை. பில் குறைந்தால் மட்டும் போதுமா, மண்டபம் என்றால் வாடகை எவ்வளவு வரும் தெரியுமா என்று ஆரம்பித்தான். நாத்தனார் அவன் பேசி முடிக்கிறவரை காத்திருந்தார். மலைப் பெண்கள் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மண்டபம் கட்டுவ. நல்லா கட்டுவ. வெள்ளிக்கெழமைன்னா நான் எங்க போவேன்? உன் வூட்டு அடுப்படியில நின்னுக்கினு உன் பொண்டாட்டி போற வழியில குறுக்க இருக்கவா?"

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவர் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகச் சாமை மெஷினிடம் போய், உமி பறக்கிற இடத்தில் நின்றுகொண்டார். எனக்கு மூன்று மாதமாகப் பயமே இவர்தான், இவர் என் மேசையைப் பிடுங்க வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவருக்கும் வாரத்தில் ஒரு நாள் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தெரியவில்லை.

மலையில் சாமை அறுத்து முடிந்து, இருந்ததையும் அரைத்துத் தின்றுவிட்டால், பிறகு பல மாதங்களுக்கு அந்தப் பெண்கள் வருவது குறையும். பஸ் வாசலில் நிற்காமல் போகும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால் வரத்து இருக்கும்போதே அவர்களிடம் ஏழெட்டு மூட்டை சாமையை விலைக்கு வாங்கி, பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். கூலிக்கு அரைக்கிற மில்லில் சாமையை எதற்கு வாங்கி அடுக்குகிறாய் என்று கணவர் கேட்டார். விலை ஏறும் என்று சொன்னேன்.

அவர்கள் வராத வெள்ளிக்கிழமை காலையில், நாத்தனாரின் பஸ் வருவதற்கு முன்னால், அதில் ஒரு மூட்டையை டிரைவர் இழுத்து வந்து சாமை மெஷின் பக்கத்தில் நிறுத்தி வைப்பார். மலையிலிருந்து வந்த மூட்டையா என்று நாத்தனார் கேட்பார். ஆமாம் அண்ணி, இப்போதுதான் இறக்கிவிட்டுப் போனார்கள் என்பேன்.